அலையில்லாத நாளில் நின்ற பம்பு

அந்த மெக்கானிக்கை வேலையை விட்டு அனுப்பிய காலையில் நான் பம்ப் ஹவுஸில்தான் இருந்தேன். எங்கள் பிரிவுத் தலைவர் எல்லோர் முன்னாலும் அவரிடம், "பெட்டியை ஒழுங்கா மூடத் தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டார். பதில் சொல்ல விடவில்லை. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் மெமோவும் கிடையாது. கான்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எழுபதுகளின் கடைசி. நான் செங்கல்பட்டிலிருந்து வேலை பார்த்த நிறுவனத்தின் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடல்நீரை உறிஞ்சும் பம்ப் ஹவுஸில் ஒரு கிணறு உண்டு. குழாய் வழியே கடல் அதில் வந்து நிற்கும். அதன் மட்டத்தை அளந்து, மட்டம் எல்லைக்குக் கீழே இறங்கினால் பம்பை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பம்பு காற்றை உறிஞ்சிக் கெட்டுவிடும். அதற்காகத்தான் அப்போது புதிதாக வந்திருந்த எட்டு பிட் சிப்பை வைத்து ஒரு கருவி செய்திருந்தோம். அதன் சர்க்யூட் கார்டை நான் செய்தேன். புரோகிராம் பிரிவுத் தலைவருடையது. வெளிநாட்டில் பயிற்சி முடித்து வந்தவர் என்பதை எங்களுக்கு மறக்க விடமாட்டார்.

கருவி வேலை செய்தது. ஆனால் சில நாட்களில் கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும்போதே மட்டம் குறைந்துவிட்டதாகச் சொல்லிப் பம்பை நிறுத்திவிடும். ரீசெட் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். உப்புக்காற்று கருவியின் பெட்டிக்குள் போய்விட்டது என்று தலைவர் முடிவு கட்டினார். பெட்டியை மூடுகிறவர் அந்த மெக்கானிக். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போக, அவர் ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கரையில் தங்கியவர்.

அன்று அவர் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார்.

"நீங்களே சொல்லுங்க மேடம், நான் இன்னா தப்பு பண்ணேன்? ரப்பர் வெச்சு கிரீஸ் தடவி மூடிகினுதான் இருந்தேன். தொறந்து பாத்தா தெரியும்ல. யாருமே தொறக்கல. வூட்ல போய் இன்னான்னு சொல்றது?"

"நான் பேசிப் பாக்குறேன்" என்றேன். அந்தச் சொல் எனக்கே பிடிக்கவில்லை.

அவருக்குப் பதில் வந்தவர் பெட்டிக்கு இரண்டு ரப்பர் போட்டார். அப்புறமும் பம்பு நின்றது. ஒருநாள் என் கண் முன்னாலேயே நின்றது. நான் உடனே பெட்டியைத் திறந்தேன். உள்ளே தொட்டால் விரலில் ஈரமில்லை. வெளியே கடல் தட்டையாகக் கிடந்தது. காற்றில்லை, தூவானமில்லை. கடல் ஏற்றம் மட்டும் சத்தமில்லாமல் கிணற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் அலை சுவரில் மோதிய நாட்களில் இந்தக் கருவி ஒரு தடவைகூடத் தவறவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உப்பு காரணமென்றால் எல்லாம் தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

புரோகிராம் நாற்பது அளவுகளைச் சேர்த்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை மட்டமாக எடுத்துக்கொள்ளும். அலையின் குலுக்கல் போவதற்காக. வரிசைப்படுத்தும் பகுதி தன்னையே கூப்பிடுவது. முதல் அளவை எடுத்து, அதைவிடச் சிறியவற்றை ஒரு பக்கம், பெரியவற்றை மறுபக்கம் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தன்னையே மறுபடி அழைக்கும். ஒவ்வொரு அழைப்பும், எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியையும், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை பார்க்கிறோம் என்பதையும் நினைவகத்தில் விட்டுவிட்டுப் போகும். அந்தக் குவியலுக்குத்தான் ஸ்டாக் என்று பெயர். ஒரு அழைப்புக்கு ஆறு பைட், அதாவது ஆறு சின்ன எண்கள் வைக்கும் இடம்.

கார்டில் இருந்த தற்காலிக நினைவகம், அதாவது ராம், மொத்தமே இருநூற்றைம்பத்தாறு பைட். அடியில் அளவுகளின் அட்டவணை. அதற்கு மேல் பம்பை நிறுத்தும் எல்லை முதலான சில எண்கள். மிச்ச இடத்தில் ஸ்டாக், உச்சியிலிருந்து கீழ்நோக்கி வளரும். கடல் குலுங்கும்போது அளவுகள் கலைந்திருக்கும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரியும், ஆழம் குறைவு. கடல் அமைதியாக ஏறும்போதோ அளவுகள் ஏற்கெனவே வரிசையாக இருக்கும். முதல் அளவைவிடச் சிறியது எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்று கழிந்து மற்றதெல்லாம் மறுபக்கம் போகும். நாற்பது ஆழம். நாற்பதை ஆறால் பெருக்கினால் அந்தச் சின்ன ராமில் மற்ற எதற்கும் இடமேது? ஸ்டாக் இறங்கி வந்து எல்லை எண்ணின் மேலேயே எழுதும். தடுக்க அந்தச் சிப்பில் ஒரு வேலியும் இல்லை. தவறு நடந்ததாகவும் சொல்லாது. கெட்ட எல்லையோடு ஒப்பிட்டு, தண்ணீர் குறைவு என்று பம்பை நிறுத்தும். ரீசெட் செய்தால் சரியான எல்லையை நிரந்தர நினைவகத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் நான் தலைவரின் அறையில் நின்றுகொண்டு சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"புத்தகத்துல இருக்கிற முறைம்மா அது. உலகம் பூரா ஓடுது."

"பெரிய கம்ப்யூட்டர்ல ஓடுது சார். இங்க இடம் எங்க இருக்கு?"

"மூடி சரியில்ல. அதோட விடுங்க."

ஒரு மனிதனின் சோற்றைப் பிடுங்கிவிட்டு அதோடு விடு என்கிறார். நான் ஆய்வகத்துக்குப் போய் மாற்றுக் கார்டை எடுத்தேன். காலியாக இருக்க வேண்டிய ராம் முழுவதிலும் ஒரே எண்ணை எழுதினேன். ஸ்டாக் எதுவரை இறங்குகிறதோ அதுவரை அந்த எண் அழியும், தொடாத இடத்தில் அப்படியே நிற்கும். தரையில் மாவு தூவி எலியின் காலடி பார்ப்பதுபோலத்தான். பிறகு நிறுவனத் தலைமைப் பொறியாளரை நேரே போய் அழைத்து வந்தேன். பிரிவுத் தலைவரும் பின்னாலேயே வந்தார்.

கலைந்த நாற்பது எண்களைக் கொடுத்து ஓடவிட்டு, ராமை இடம் இடமாகக் காட்டினேன். நடுவில் என் எண் நீளமாக அழியாமல் இருந்தது. மறுபடி எல்லாவற்றையும் நிரப்பி, இந்தத் தடவை ஏறுவரிசையில் கொடுத்தேன். என் எண் ஒரு இடத்திலும் மிச்சமில்லை. எல்லை இருக்க வேண்டிய இடத்தில் புரோகிராமின் திரும்பும் முகவரியின் துண்டு உட்கார்ந்திருந்தது.

தலைமைப் பொறியாளர் அந்த இடத்தை இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "மாத்திடுங்க" என்றார்.

மாற்றினேன். தன்னை அழைக்காமல், இருக்கும் இடத்திலேயே ஒவ்வொன்றாக நகர்த்தி வரிசைப்படுத்தும் முறை. மெதுவானது, ஆனால் நாற்பது அளவுக்கு யாருக்கு அவசரம்? ஸ்டாக்குக்கும் எண்களுக்கும் நடுவில் ஒரு காவல் பைட்டும் வைத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்த்து, மாறியிருந்தால் எந்த அளவையும் நம்பாமல் மணி அடிக்கும். பம்பு அதன்பின் காரணமில்லாமல் நிற்கவில்லை. பின்னர் வந்த அறிக்கையில் பிரிவுத் தலைவர் "புரோகிராம் மேம்படுத்தப்பட்டது" என்று எழுதியிருந்தார். மூடியைப் பற்றியோ மெக்கானிக்கைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

நானே குப்பத்துக்குப் போனேன். அவர் மணலில் உட்கார்ந்து ஒரு படகு இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, நான் போய்ப் பேசியதில் கான்ட்ராக்டர் திரும்பக் கூப்பிடுகிறார் என்றேன்.

"உங்க தலைவரு சொன்னாரா, என் மேல தப்பு இல்லன்னு?"

"இல்ல."

"எல்லார் முன்னாடியும்தான மேடம் திட்னாரு. அதே எடத்துல ஒரு வார்த்த சொல்லட்டும், நாளைக்கே வரேன்."

நான் திரும்பிப் போய்க் கேட்டேன். பிரிவுத் தலைவர் ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல், "கான்ட்ராக்ட் ஆளுக்கெல்லாம் நான் விளக்கம் சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் மேசைக் கண்ணாடி உடையும் அளவுக்குக் கத்தினேன். வராண்டாவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் முன்னால் வைத்தே சொன்னேன், மூடியில் தப்பில்லை, புரோகிராமில்தான் தப்பு, எழுதியது யாரென்று உங்களுக்குத் தெரியும் என்று. அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

மெக்கானிக் திரும்பி வரவில்லை. கோவளம் பக்கம் இன்ஜின் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் வராண்டாவில் சொன்னது அவர் காதுக்குப் போயிருக்கும் என்றார்கள். போயிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது நானல்ல.