எந்த ஞாயிறு வரை?

தஞ்சாவூரில் நாங்கள் வேலை பார்த்த மளிகைக் கடையில் அக்கா பில் போடுவாள். வாரா வாரம் ஆஃபர் நோட்டீஸ் செய்வது நான். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். கம்ப்யூட்டரைக் கடையிலேயே கற்றுக்கொண்டேன். நோட்டீஸ் அச்சுக்கும் போகும், படமாக வாட்ஸ்அப்பிலும் போகும்.

'வெள்ளி முதல் ஞாயிறு வரை' என்று மட்டும் போட்டால் அந்தப் படம் வாரக்கணக்கில் சுற்றும். அதைக் காட்டிப் பழைய விலை கேட்பார்கள். திட்டு வாங்குவது அக்கா.

"எந்த ஞாயிறுடி? உன் கல்யாணத்து ஞாயிறா?" என்று பில் மேசையிலிருந்தே கத்துவாள்.

"மொதல்ல உனக்கு ஆவட்டும்" என்பேன்.

மாசியில் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

காரியம் முடிந்து கடைக்குப் போனபோது அவள் நாற்காலியில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். குத்தாலத்துப் பிள்ளை. நான் இல்லாத வாரத்து நோட்டீஸில் எண்ணெய் 'ஒரு பாக்கெட்' என்று வந்திருந்தது. லிட்டர் என்று நினைத்து வந்தவர், 850 கிராம் என்றதும் அவளைப் பிடித்துக் கத்திவிட்டார்.

"இன்னொரு தடவ இப்படின்னா ஊருக்கே போயிடுவேங்க்கா" என்று அழுதாள்.

அடுத்த நோட்டீஸுக்காக ஃபோல்டரைத் திறந்தேன். அதிலேயே அக்காவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் இருந்தது. அதையும் நான்தான் செய்தேன். அவள் முகத்துக்குக் கீழே தோற்றம், மறைவு. பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் படிக்கிற மாதிரி இரண்டு தேதிகள். எந்த வருடம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் தேதி எழுத்தின் அளவையே எடுத்துக்கொண்டேன். தலைப்புக்குக் கீழே 'முதல்', 'வரை', கிழமையோடு முழுத் தேதி. நெருக்கியடித்துக் கிடந்த பொருட்களில் பாதியை எடுத்துவிட்டேன். மிச்சமிருந்த ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், அளவு, விலை என்று ஒரே வரிசை. துவரம்பருப்புக்கு அரைக் கிலோ விலையும் உளுந்துக்குக் கிலோ விலையுமாக இருந்தது, இரண்டையும் கிலோவாக்கினேன். 'பாக்கெட்' போய், விலைக்குப் பக்கத்திலேயே '850 கிராம்' வந்தது.

கடை முதலாளி பாய் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, 850 கிராம்னு இவ்ளோ பெருசா போட்டா எண்ணெய எவன் வாங்குவான்? தேதி வேற, கல்யாணப் பத்திரிகை மாதிரி!" என்றார்.

"சின்னதா போட்டா பில்லுல சண்ட வரும் பாய். அக்கா தாங்குவா. இந்தப் புள்ள தாங்காது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அனுப்பு."

அடுத்த திங்கட்கிழமை ஒருவர் அந்தப் படத்தைக் காட்டி எண்ணெய் கேட்டார். அந்தப் பெண் தேதியைத் தொட்டுக் காட்டினாள். "ஓ, நேத்தோட முடிஞ்சிட்டா" என்று அவரே சொல்லிவிட்டு, இரண்டு சோப்பு வாங்கிக்கொண்டு போனார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பில் மேசையில் சத்தமே இல்லை. நான் உள்ளே உட்கார்ந்து அடுத்த வாரத்துத் தேதியை அடித்துக்கொண்டிருந்தேன். 'ஞாயிறு வரை' என்று அடித்ததும் கை நின்றது. 'எந்த ஞாயிறுடி?' என்று யாராவது கத்துவார்கள் எனக் காது அந்தப் பக்கமே இருந்தது.