தண்ணீர் இருக்கும் நேரம்

புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். யாரோ ஒருவருடைய Termin, குறித்த ஆபரேஷன் நாள், தள்ளிப்போயிருக்கிறது, உங்கள் கணவருக்கு அந்த இடத்தைத் தரலாம், ஞாயிறு காலையில் வந்து படுக்க வேண்டும், திங்கட்கிழமை ஆபரேஷன் என்றார்கள். நான் உடனே சரி சொன்னேன். குடலில் இருக்கும் கட்டியை வெட்டி எடுக்க இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமென்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தவள் நான்.

வேலை முடிந்து வந்தவரிடம் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"அதுக்கு முதல் ஒருக்காக் கடலுக்கை இறங்கோணும்" என்றார்.

எனக்கு விளங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு மலம் போக வயிற்றில் ஒரு பை வைப்பார்கள், அது நிரந்தரமாகவே இருந்துவிடலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பையோடு நீந்தலாம், எத்தனையோ பேர் நீந்துகிறார்கள் என்று தாதி படம் காட்டிச் சொன்னார். இவர் தலையாட்டினார், நம்பவில்லை. எங்கள் நாட்டில் கடற்கரை ஊரில் பிறந்தவர். நடக்க முதல் நீந்தினேன் என்று பீற்றிக்கொள்கிறவர். பையோடு ஆட்கள் முன்னால் சேட்டைக் கழற்ற மாட்டார். அவரை எனக்குத் தெரியும்.

டொக்டரிடம் கேட்டேன். போகலாம், கழிப்பறை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும் என்றார். எனக்கு முதலாவது விஷயம் அதுவாகிவிட்டது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

வியாழன் விடிய வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மேசையில் இருந்தேன். கோடைவிடுமுறை. ரயில் எப்படியும் ஓடும், அறைதான் கிடைக்காது; ஆகவே அறையை முதலில் பிடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இணையத்தில் பார்த்தால் எல்லா வீடுகளும் குறைந்தது ஒரு கிழமை, ஏழு நாளுக்குத்தான். இருக்கிற ஒன்றிரண்டு கடலிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரம். மகள் வேலை செய்யுமிடத்திலிருந்து தகவல் அனுப்பியபடி இருந்தாள்: கப்பலில் தீவுக்குப் போங்கோ, கடல்நாய் பாருங்கோ, வெளிச்சவீட்டில் ஏறுங்கோ.

"உன்ரை கடல்நாயை நீயே போய்ப் பார். எங்களுக்குத் தண்ணியும் கழிப்பறையும் போதும்" என்று எழுதினேன்.

பிறகு இணையத்தை மூடிவிட்டு, சின்ன விடுதிகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்தேன். நாலு பேர் இல்லை என்றார்கள். ஐந்தாவது பெண்மணி, ஒருவர் வரவில்லையென்று இப்போதுதான் அறிவித்திருக்கிறார், ஓரிரவென்றால் அந்த அறையைத் தரலாம், கடலணையைத் தாண்டினால் கடற்கரை என்றார். அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

அடுத்தது ரயில். நாங்கள் இருக்கும் பீலெஃபெல்டிலிருந்து கடற்கரைக்குப் போக, மியூன்ஸ்டரில் ஒரேயொரு மாற்றம். மாறுவதற்கு ஆறு நிமிடம் மட்டும் தருகிற ரயிலைச் செயலி முதலில் காட்டியது. இந்த நாட்டு ரயிலை நம்பி ஆறு நிமிடத்தில் மாறுவது நல்ல பகிடி. நிறைய நேரம் இருக்கும் பயணத்தை எடுத்தேன். கழிப்பறைக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கை பதிந்தேன். எந்த ரயிலிலும் ஏறக்கூடிய விலைகூடிய டிக்கெட்டையே வாங்கினேன். வெள்ளி மத்தியானம் புறப்பட்டு, சனி முற்பகல் திரும்புவது. சனி பின்னேரத்திலிருந்து பாதையில் திருத்தவேலை, ரயிலுக்குப் பதில் பஸ். பஸ்ஸில் கழிப்பறை இல்லை.

மத்தியானம் புறப்படுவதற்குக் காரணம் மச்சாள். மச்சாள் என்றால் இவருடைய அக்கா; டுசல்டோர்ஃபில் இருக்கிறார். ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும், "வெள்ளி காலமை சமைச்சுக்கொண்டு வாறன், தம்பியைப் பாக்காமல் விட ஏலாது" என்று சொல்லிவிட்டார். வயிற்றில் ஆபரேஷன் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பையைப் பற்றி ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

எல்லாம் முடிந்ததென்று, வரும் நேரத்தைச் சொல்ல விடுதிக்கு மறுபடி எடுத்தேன். நாலு மணிக்குப் பிறகு வருவோம், வந்தவுடன் கடலில் குளிப்போம் என்றேன்.

"எந்தக் கடலில்?" என்றார் அந்தப் பெண்மணி. நாளைக்கு இரண்டு மணியளவில்தான் தண்ணீர் நிறைந்திருக்கும், நீங்கள் வரும்போது இறங்கிக்கொண்டிருக்கும், பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். ஊரின் இணையப் பக்கத்தில் தண்ணீர் வரும் நேர அட்டவணை போட்டிருக்கிறார்கள், பார்க்கவில்லையா என்று கேட்டார்.

சனிக்கிழமை தண்ணீர் இன்னும் பிந்தித்தான் வரும். அதற்குள் நாங்கள் ரயிலேறிவிட வேண்டும்.

இவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"கடல் எங்கையப்பா போகும்? எங்கடை கடலிலை வத்துப்பெருக்கு முழங்காலளவும் வராது."

"இது உங்கடை கடல் இல்லை" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "விடிய வெளிக்கிட்டால் மத்தியானம் நிப்பம். அப்ப அக்காவை வரவேண்டாம் எண்டு சொல்லோணும்."

சிரிப்பு நின்றது. "நீரே சொல்லும்" என்றார்.

சொன்னேன். மச்சாள் ஏசத் தொடங்கினார்.

"வருத்தக்காரனைக் கடலுக்குக் கொண்டுபோறீரோ? கூடப்பிறந்தவள் ஒருக்காப் பாக்கக்கூடாது, உங்களுக்கு உல்லாசம் கேக்குது என்ன? தம்பிக்கு ஏதும் நடந்தால் நான் உம்மட்டைத்தான் கேப்பன்."

பையைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கினேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்த முதுகைப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வெள்ளி விடிய வெளிக்கிட்டோம்; முதல் ரயில் வயல்வெளியில் நின்றுவிட்டது. காரணம் சொல்லவில்லை. இவர் இரண்டு தரம் கழிப்பறைக்குப் போய்வந்தார். நான் மணிக்கூட்டைப் பார்க்காமலிருக்கப் பார்த்து, பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஆறு நிமிடத்தில் மாறும் பயணத்தை எடுத்திருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். மியூன்ஸ்டரில் ஓடாமல் மாறினோம்.

ஒரு மணிக்கு விடுதி. பயணப்பையை வாசலில் போட்டுவிட்டு அணையில் ஏறினோம். தண்ணீர் இருந்தது. சாம்பல் நிறம், ஆனால் இருந்தது.

இவர் சேட்டோடு நின்றார். சனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடுவார். கடைசியில் சேட்டைக் கழற்றி என் கையில் தந்தார், வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்தார், போனார். இடுப்பளவு போனதும் முழுகி, நான் பயந்துபோகுமளவு தள்ளி எழும்பினார். அங்கிருந்து கையை ஆட்டினார். நான் சேட்டில் முகத்தைத் துடைத்தேன்.

மச்சாளின் அழைப்பு வந்தது. இரண்டு தரம் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் இவர் கரைக்கு வந்துகொண்டிருந்தார், நீர் சொட்டச் சொட்ட. நான் திரையைக் காட்டினேன். மறுபடி எனக்கே விடுவாரென்று நினைத்தேன். கையை என் சேலைத்தலைப்பில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"அக்கா, அவளை ஏசாதேங்கோ. நான்தான் சொல்லேல்லை. எனக்கு வயித்திலை பை வைக்கப் போறாங்கள். மலம் போற பை. பிறகு கடலுக்கை இறங்குவனோ தெரியாது. அதுதான்."

ஒலிபெருக்கி போடாமலே அந்தப் பக்கம் பேசுவது எனக்குக் கேட்கும். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி" என்றார் மச்சாள். "தண்ணி குளிரே?"

"ஓமக்கா. சரியான குளிர்."

"அப்ப போனை அவளிட்டைக் குடுத்திட்டு இன்னொருக்கா இறங்கு. நான் லைனிலை நிக்கிறன்."