சீலக்காவின் ஒதுக்கீட்டுக் கடிதம்

என் சித்தி மகளின் மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். எனக்கு மருமகள் முறை. ஊரே அவளைச் சீலக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. நாலு மாடி ஜவுளிக்கடையில் வெளியே போகிற வாசலில் நிற்கிற வேலை. பையைப் பிரித்து, பில்லோடு துணியை ஒத்துப் பார்த்து, பணம் கட்டிய சீல் இருந்தால் பில்லில் ஓர் ஓட்டை போட்டு அனுப்புவாள். சீல் இல்லையென்றால் முதலாளியின் மச்சானே வந்தாலும் நகரவிடமாட்டாள். ஒருமுறை நிஜமாகவே வந்தார், நிஜமாகவே நகரவிடவில்லை.

பத்தொன்பது வருஷம் அப்படி நின்றால் மனுஷருக்குக் கண் வேறு மாதிரி ஆகிவிடும். பால்காரன் சிரித்தால் இவள் தண்ணீரைத் தேடுவாள். வீட்டுக்காரன் கட்டட வேலைக்கு வெளியூர் போனவன், மூன்று மாதத்துக்கு ஒருதரம் வருவான். அவன் வந்து இறங்கினாலும் முதலில் பையைத்தான் பார்ப்பாள். "என்னையும் ஓட்டை போட்டுத்தான் உள்ள விடுவியா?" என்று அவன் கேட்பானாம்.

இவர்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டாவதில் நல்ல மார்க்கு. அப்பன் கட்டுகிற கட்டடத்துக்குக் கணக்குப் போடுகிற படிப்பு வேண்டும், சிவில்தான் வேண்டும் என்று நின்றாள். கவுன்சிலிங்கில் பதிந்து, கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை செல்போனில் கடிதம் வந்தது. அரசு கல்லூரி, சிவில். பிள்ளை குதித்தாள். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஓடிப்போய் அச்சு எடுத்து அம்மா கையில் கொடுத்தாள்.

சீலக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"சீல் எங்கடி?"

"அதெல்லாம் கிடையாதும்மா. கம்ப்யூட்டர்ல வர்றது. கையெழுத்து வேண்டாம்னு கீழயே போட்டிருக்கான் பாரு."

"கையெழுத்து வேண்டாம்னு எழுதியிருக்கானா? அப்ப கள்ளன்தான். நல்லவன் அப்படி எழுதுவானா?"

தலைப்பில் 'தற்காலிக ஒதுக்கீட்டுக் கடிதம்' என்று இருந்தது. அதைப் படித்ததும் அவள் முகம் சுருங்கியது. "தற்காலிகமாம்! இன்னைக்குக் குடுத்து நாளைக்குப் பிடுங்குறதுக்குப் பேரு இது." கீழே தடித்த எழுத்தில் 'கல்லூரியில் நேரில் சேர வேண்டிய நாள்: 19' என்று இருந்ததை மட்டும் விரலால் தொட்டு மனதில் வைத்துக்கொண்டாள். அதற்கு மேலே இருக்கை உறுதிக் கட்டணம் பதினைந்தாயிரம் என்று ஒரு வரி தொடங்கியது. பணம் என்ற சொல் வந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு போன். பேசினவன் பிள்ளையின் பெயரைச் சொன்னான், மார்க்கைச் சொன்னான், எந்தக் கல்லூரி என்பதையும் சொன்னான். "உங்களுக்கு வந்தது தற்காலிகம்தான் மேடம். சீட்டு உறுதி ஆகணும்னா இன்னைக்கே நாப்பதாயிரம் இந்த நம்பருக்குப் போடுங்க. இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

வீட்டில் அப்போது கொழுந்தன் இருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல பையன், ஆனால் யார் சொன்னாலும் நம்புவான். "அண்ணி, சும்மாவா ஒருத்தன் போன் பண்ணுவான்? பேரு, மார்க்கு எல்லாம் புட்டுப்புட்டு வைக்கிறானே!"

"பேரு தெரிஞ்சவன் எல்லாம் நல்லவனாடா? உங்கம்மாவுக்கும்தான் என் பேரு தெரியும்."

அந்த அம்மா என் தங்கச்சி. சீலக்கா சொன்னதில் பொய்யில்லை.

போன்காரனுக்கு ஒரு பைசா தராமல் போனை வைத்துவிட்டாள், அதுவரை சரி. ஆனால் அவன் வாயிலிருந்தும் 'தற்காலிகம்' வந்தது, கடிதத்திலும் 'தற்காலிகம்' இருந்தது. அவனும் பணம் கேட்டான், கடிதமும் பணம் கேட்டது. இரண்டும் ஒரே கும்பல் என்று முடிவு கட்டினாள். "பத்தொன்பதாம் தேதி நேரா காலேஜுக்கே போவோம். அங்க பேரு இருந்தா இருக்கு. அதுவரைக்கும் ஒரு பைசா வெளிய போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மகளின் போனையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை. சித்தப்பனிடம் அழுதாள். அவன் எனக்குப் போன் போட்டான். எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. இருந்தாலும் ஒன்று மட்டும் சொன்னேன்: "அவ சந்தேகத்த நீ தடுக்காத. சந்தேகத்தோடயே கூட்டிட்டுப் போ. கவுன்சிலிங்குக்கு உதவி மையம்னு ஒண்ணு இருக்காமே, அங்க போய்ச் சண்ட போடச் சொல்லு."

சண்டை என்றதும் சம்மதித்தாள். புதன்கிழமை, பதினேழாம் தேதி, அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மகளோடு கொழுந்தனின் ஆட்டோவில் ஏறினாள். போகிற வழியெல்லாம், "மீட்டருக்கு ஏன்டா துணி போட்டு மூடியிருக்க?" என்று கொழுந்தனையே விசாரித்தாளாம்.

மையம் ஒரு கல்லூரியின் கீழ்த்தளத்தில் இருந்தது. நீள மேஜை, ஐந்தாறு கம்ப்யூட்டர், பிளாஸ்டிக் நாற்காலிகள். கண்ணாடி போட்ட ஒரு மேடம் உட்கார்ந்திருந்தார். சீலக்கா உட்காரவில்லை. கடிதத்தை மேஜையில் வைத்தாள்.

"இது நீங்க அனுப்பினதா, வேற எவனோ அனுப்பினதா?"

மேடம் சிரிக்காமல் விண்ணப்ப எண்ணைத் தட்டித் திரையைத் திருப்பிக் காட்டினார். "நாங்க அனுப்பினதுதான். இதோ உங்க பொண்ணு பேரு, இதோ காலேஜு."

"அப்ப தற்காலிகம்னு ஏன் போட்டிருக்கு?"

"இடம் பொண்ணு பேருலதான் இருக்கும்மா. ஆனா பணம் கட்டல, ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட காலேஜுல இன்னும் யாரும் பாக்கல. பணம் கட்டி, அங்க போய்ச் சேர்ந்து, அவங்க ஒத்துப் பாத்தா உறுதி. இதுல ஒண்ணு தவறினாலும் இடம் தானா ரத்தாயிடும், அடுத்த சுத்துல வேற பிள்ளைக்குப் போயிடும்."

சீலக்கா கடிதத்தை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எங்க கடையில மாடியில சேலை எடுத்தா ஒரு பில்லு போட்டுத் தருவாங்க. சேலைய எடுத்து வச்சிடுவாங்க, குடுக்க மாட்டாங்க. கீழ பணம் கட்டிட்டு வந்து பில்லக் காட்டினாத்தான் டெலிவரி. கடை மூடுறதுக்குள்ள கட்டலேன்னா சேலை திரும்ப அலமாரிக்குப் போயிடும். அந்தப் பில்லா இது?"

"அதேதான்!" என்றார் மேடம். "இவ்வளவு நேரம் நான் சொன்னத நீங்க ஒரு வரியில சொல்லிட்டீங்க."

"அப்ப பத்தொன்பதாம் தேதி கட்டிடறோம்."

மேடத்தின் முகம் மாறியது. பேனாவால் தடித்த எழுத்துக்கு மேல் இருந்த சின்ன வரியைத் தொட்டார். 'கட்டணம் செலுத்தக் கடைசி நாள்: 17, மாலை 5 மணி.' "பத்தொன்பது காலேஜுக்குப் போற நாள். பணம் கட்ட இன்னைக்கு அஞ்சு மணிதான். இப்ப மணி மூணே முக்கால்."

சீலக்கா பையிலிருந்து போனை எடுத்து மகளிடம் கொடுத்தாள். கூடவே வங்கி அட்டையையும். வீட்டுக்காரன் அனுப்பி வைத்த பணம் அதில் இருந்தது. ஆனாலும் விரல் அட்டையை விடவில்லை. "யாரு பேருக்குப் போகுது?"

"தனி ஆளு யாருக்கும் போகாது. உங்க பொண்ணு தன் எண்ணப் போட்டு எங்க இணையப் பக்கத்துக்குள்ள போய்க் கட்டணும். போன் பண்ணி நம்பர் குடுக்கிறவன் எவனும் எங்க ஆளு இல்ல. இந்தத் தொகைய காலேஜு ஃபீஸ்ல கழிச்சுக்குவாங்க."

"எங்ககிட்ட நாப்பதாயிரம் கேட்டான் ஒருத்தன்."

"குடுத்தீங்களா?"

"குடுப்பேனா?" என்று கேட்டாள் சீலக்கா. அங்கே வந்த பிறகு முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிள்ளை எண்களைத் தட்டினாள். வங்கியிலிருந்து பணம் எடுத்ததாகச் செய்தி வந்தது. திரையில் மட்டும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரசீது வரவில்லை.

"போச்சு!" என்றாள் சீலக்கா. "நான் சொன்னேன்ல!"

கொழுந்தன் குறுக்கே வந்தான். "இன்னொரு தடவ கட்டிப் பாக்கலாமா அண்ணி?"

"வேண்டாம்" என்றார் மேடம் அவசரமாக. "ரெண்டு தடவ போயிடும். வெளிய வந்து, மறுபடி உள்ள போய், கட்டண நிலை என்னன்னு பாருங்க." பார்த்தார்கள். 'நிலுவையில்' என்றிருந்தது. மேடம் வங்கிச் செய்தியில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். சீலக்கா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பத்து. நாலு இருபது. மேஜைக்கு எதிரே இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராக அளந்தாள், அவர்களில் யாரோதான் அந்த வட்டத்தைச் சுற்ற விடுகிறான் என்பது போல. நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் பிள்ளை மறுபடி தட்டினாள். 'கட்டணம் பெறப்பட்டது.' ரசீதும் இறங்கியது.

சீலக்கா ரசீதை அச்சு எடுக்கச் சொன்னாள். ஒன்று போதாதென்று மூன்று. பிறகு மகளைப் பார்த்து, "பசிக்குதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சாமான் அவளிடம் இருந்ததே இல்லை.

பத்தொன்பதாம் தேதி காலை கல்லூரியில் நீள வரிசை. ஜன்னலுக்கு உள்ளே இருந்த குமாஸ்தா கடிதம், ரசீது, மார்க் சீட்டு, மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கி ஒத்துப் பார்த்தார். திரையில் சேர்ந்ததாகப் பதிந்தார். ஒரிஜினல்களை ஓர் உறைக்குள் போட்டு அலமாரி பக்கம் திரும்பினார். "சரிம்மா, கிளம்பலாம். அடுத்தது!"

சீலக்கா கிளம்பவில்லை.

"என் பிள்ளையோட ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கு. உங்ககிட்ட இருக்குன்னு என்கிட்ட என்ன இருக்கு?"

"நம்பிக்கதாம்மா. இது காலேஜு."

"நான் கடையில நிக்கிறவ சார். நம்பிக்கைய பையில போட்டுக் கொண்டு போக முடியாது."

பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், "அக்கா, பஸ்ஸு போயிடும்" என்றார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். குமாஸ்தா பெருமூச்சு விட்டு ஒரு தாளை எடுத்தார். எந்தெந்தச் சான்றிதழ், எந்த எண், எந்தத் தேதியில் வாங்கியது என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார், இழுப்பறையிலிருந்து சீல் கட்டையை எடுத்து அழுத்தினார். சீலக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மை ஈரமாக இருந்தது. ஊதினாள். ஒரு எண்ணில் ஏழா ஒன்றா என்று கேட்டுத் திருத்தி எழுதச் சொன்னாள்.

அவள் நகர்ந்ததும், பஸ் போய்விடும் என்று சொன்ன அதே ஆள் தன் மகனின் சான்றிதழ்க் கட்டை நீட்டிவிட்டுச் சொன்னார்: "சார், எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க."