அடிப்பக்கம் காட்டாத படங்கள்

மனைவி மறைந்த மறு ஆண்டு, வீட்டிலிருந்த உடைகளைத் தேவைப்படுபவர்களிடம் சேர்க்கலாம் என்று மருமகள் சொன்னாள். அவள் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவில் கோவையையும் சுற்று ஊர்களையும் சேர்ந்த நானூறு பேர் பழைய துணிகளையும் செருப்புகளையும் விற்றும் வாங்கியும் வந்தார்கள். படம் எடுப்பதும் விவரம் எழுதுவதும் என் வேலையாயிற்று. பணியிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குக் காலைப் பாராயணம் முடிந்தபின் வேறென்ன வேலை?

ஆர்.எஸ்.புரத்து வீட்டின் கிழக்கு சன்னலருகே வெள்ளைப் போர்வையை விரித்து, விளக்குகளை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே எடுப்பேன். விளக்கொளியில் மாம்பழ நிறம் காவியாகிவிடும். முன்புறம், பின்புறம், கழுத்துப்பட்டை, ஓரத்தையல் என்று ஒவ்வொன்றாக எடுப்பேன். குறை இருந்தால் அதன் அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் ஒரு படம். "இடது கையில் மிளகளவு எண்ணெய்க் கறை; வெளுத்தும் போகவில்லை" என்று எழுதுவேன். மார்பளவையும் நீளத்தையும் நாடா வைத்து அளந்து போடுவேன். அதே போன்ற பொருளுக்குக் குழுவில் என்ன விலை போகிறது என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே வைப்பேன். பொய் சொல்லாத நாவைக் கேட்டு இறைவனிடம் அன்றாடம் கையேந்துபவன் நான். அது கைகூடிவிட்டதாகவே எண்ணத் தொடங்கியிருந்தேன்.

குழுவிலும் அப்படித்தான் எண்ணினார்கள். "ஐயா போட்டா கண்ண மூடிட்டு வாங்கலாமுங்க" என்று ஒருவர் எழுதினார். அதன் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. அந்த வரியை நான் எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்பதை இங்கே எழுதக் கூசுகிறது.

அதே வாரத்தில்தான் என் கறுப்பு ஷூவை விற்கப் போட்டேன். மகன் திருமணத்துக்கு வாங்கியது. இரண்டே முறை அணிந்துவிட்டு, பெட்டியோடு அலமாரியின் மேல்தட்டில் வைத்தது எட்டு ஆண்டுகளாக அங்கேயே கிடந்தது. துடைத்ததும் புதிது போல் மின்னியது.

"ஏனுங்க மாமா, அடிப்பக்கம் ஒரு போட்டோ எடுங்க. செருப்பு, ஷூன்னா மொதல்ல அதத்தான் கேப்பாங்க" என்றாள் மருமகள்.

"காலில் போடுவதன் அடியைப் போய் நாலு பேர் முகத்துக்கு நேரே நீட்டச் சொல்றியா, அம்மணி?"

"மாமா, அவங்க அத நெத்தியில வெச்சுக்கறதுக்கா கேக்கறாங்க?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

திருவடி, திருவடி என்று வாழ்நாளெல்லாம் பாடியவன், மனிதர் காலுக்குக் கீழே இருப்பதைப் பார்க்க மட்டும் அருவருத்தேன். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு என மூன்று படங்கள் போட்டேன். "எட்டாம் அளவு, இருமுறை மட்டுமே அணிந்தது, புதிது போன்றது." எட்டு ஆண்டுகள் என்பதை எழுதவில்லை. அணியாத ஆண்டுகள் ஒரு குறையா என்ன?

பத்து நிமிடத்தில் வால்பாறையிலிருந்து ஒரு பெண் குழுவிலேயே கேட்டாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் கணவனுக்குப் பொள்ளாச்சியில் ஒரு தனியார் பள்ளியில் காவலர் வேலை கிடைக்கும் போலிருந்தது. நேரில் வரும்போதே கறுப்பு ஷூ போட்டிருக்க வேண்டும் என்றார்களாம். வேலை கிடைத்தால் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டுக் கீழே இறங்கிவிடலாம் என்று எழுதியிருந்தாள். வேறு படம் ஏதும் அவள் கேட்கவில்லை.

மறுநாள் பொதியப் போகும்போது ஒரு ஷூவை எடுத்துத் தற்செயலாக வளைத்தேன். முன்பாதம் மடங்கும் இடத்தில், அடித்தட்டின் ஓரத்தில், மயிரிழை போல் ஒரு விரிசல். விரலால் தேய்த்ததும் கரும்பொடி ஒட்டியது. இவ்வகை ரப்பர் போன்ற அடித்தட்டுகள் உபயோகிக்காமல் வைத்தாலும் காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளேயே உளுத்துப்போகும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். அன்று அவ்வளவு தெரியாது; ஆனால் விரிசல் விரிசல்தான் என்பது தெரியும். ஒரு படமெடுத்து அவளுக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

அனுப்பவில்லை. "புதிது போன்றது" என்று நேற்று எழுதியவன், இன்று எப்படி மாற்றிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றவர்கள் என்ன நினைப்பார்கள்? விரலில் ஒட்டிய பொடியை வேட்டியில் துடைத்துவிட்டு, பெட்டியை மூடிக் கூரியரில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவளே அழைத்தாள். குறை சொல்லத்தான் அழைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டே எடுத்தேன்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்க ஷூவ கெடுத்துப்போட்டோமுங்க. பொள்ளாச்சில பஸ்ஸ விட்டு எறங்கி நாலு எட்டு வெக்கல, அடி ரெண்டும் கையோட வந்துருச்சுங்க. எங்க ஊட்டுக்காரருக்கு எப்பவுமே அழுத்தி நடக்கற காலு. ஐயா குடுத்த பொருளு அப்படி இருக்காதுன்னு நாந்தான் அவர வாய்க்கு வந்தபடி வஞ்சேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன்" என்று மட்டும், ஏதோ பெருந்தன்மை காட்டுபவனைப் போலச் சொன்னேன். "ஐயோ, வேண்டாமுங்க" என்று மறுத்தவளை வற்புறுத்தி அனுப்பி வைத்தேன்.

மருமகள் கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள். "என்னாச்சுங்க மாமா?" என்றாள். விரிசலைச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பூசை அறைக்குப் போனேன். அங்கும் உட்கார முடியவில்லை.

மாலைக்குள் குழுவில் போட ஒரு மடல் எழுதினேன். அடியேன், அறியாமை இருள், சொற்குற்றம், பொருட்குற்றம் என்று இரண்டு பக்கம் நீண்டது. மருமகள் படித்தாள்.

"நல்லா இருக்குங்க மாமா. ஆனா என்ன பண்ணுனீங்கன்னே இதுல இல்லீங்களே."

"எல்லாம் இருக்கிறதே, கண்ணு."

"ஒடஞ்சிருந்துச்சு, பாத்தேன், சொல்லலன்னு போடுங்க. மூணு வார்த்தை."

அந்த மூன்று சொற்களை எழுத, இரண்டு பக்கம் எழுதியதைவிட நெடுநேரம் பிடித்தது. ஷூ வாங்கி எட்டு ஆண்டு ஆனதையும், அடிப்பக்கம் படமெடுக்காததையும் சேர்த்தேன். வாங்கியவர்மேல் பிழை ஏதுமில்லை என்றும் எழுதிப் போட்டேன்.

ஏசுவார்கள் என்று காத்திருந்தேன். "ஐயா மனசு யாருக்கு வருமுங்க", "தப்ப ஒத்துக்கறதுக்கே பெரிய மனசு வேணும்" என்று மறுபடியும் கைகூப்பும் படங்கள் விழத் தொடங்கின. தேள் கொட்டியவனைப் போல் போனைக் கீழே வைத்தேன். உடுமலையிலிருந்து குழந்தை உடுப்பு விற்கும் ஒரு பெண் மட்டும் வேறாகக் கேட்டிருந்தாள்: "அந்தண்ணனுக்கு வேலை கெடச்சுதுங்களா?"

எனக்குத் தெரியாது. பணம் அனுப்பத் தெரிந்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

வால்பாறைக்கு அழைத்தேன். விரிசலைப் பார்த்தே அனுப்பினேன் என்று என் வாயாலேயே சொன்னேன்.

"குரூப்புல பாத்தனுங்க" என்றாள். "அன்னிக்கு வெறுங்காலோட போயி நின்னாருங்க. ஷூ போட்டுட்டு அடுத்த வாரம் வாங்கன்னாங்க. போறதுக்குள்ள வேற ஆள வெச்சுட்டாங்களாம்."

"நல்லதாகப் புதிய ஷூ ஒன்று வாங்கி அனுப்புகிறேன், அம்மணி."

"இங்க தோட்டத்துல அது எதுக்குங்க ஐயா?" என்றாள். குரலில் கோபமில்லை. "அவர வஞ்சுபோட்டேன், அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க. இப்ப வேலைக்கு நேரமாச்சு, வெச்சரட்டுங்களா?"

வைத்துவிட்டாள்.