பெலிக்ஸ் சித்தப்பா நிரப்பாத கட்டம்

பெலிக்ஸ் சித்தப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். ஆர்டர் படிவத்தை நீட்டி, மூடியைக் கழற்றி வாங்குகிறவர் கையில் கொடுப்பார். கையெழுத்து வாங்கியதும் மூடிவிடுவார். ‘முகவர் பெயர்’ என்ற கட்டம் காலியாகவே இருக்கும்.

ஜெகதாப்பட்டினத்தில் படகுகளுக்கு ஐஸ் பெட்டி விற்றுக்கொடுத்தார். கடலில் தன் படகை இழந்தவர். "முழுகுன படகுக்காரன் பேரு புதுப் பொருள் காயிதத்துல எதுக்கு?" என்பார். பெட்டி செய்யும் புதுக்கோட்டை கம்பெனியில் பழைய மேனேஜர் சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுவார்.

இந்த வருடம் புது மேனேஜர் பிரவீன்குமார் வந்தார். கட்டம் காலியாக இருந்தால் நேரடி விற்பனையாம், கமிஷன் இல்லையாம். சித்தப்பா மகள் ஷீபாவின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம். பி.காம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த என்னைச் சித்தப்பா கூப்பிட்டார்.

"காலேஜ் படிச்சவன்தானேப்பா, காசு வர்ற மாதிரி எழுது."

எழுதினேன்:

‘ஜிஎஸ்டி சேர்க்காத பில் தொகையில் நான்கு சதவீதம், வாங்கியவர் முழுப் பணம் கட்டியபின் தருவதாக ஒப்புக்கொண்டீர்கள். அருண்குமார் 2,40,000, கமிஷன் 9,600. முத்துராஜ் 1,80,000, கமிஷன் 7,200. வெள்ளைச்சாமி 1,50,000, கமிஷன் 6,000. மூவரும் முழுவதும் கட்டிவிட்டார்கள். மொத்தம் ரூ.22,800. டிடிஎஸ் பிடித்தம் போக மீதியைத் தரவும்.’

கடிதத்தில் தயங்காமல் கையெழுத்துப் போட்டார்.

இருவரும் பஸ்ஸில் போனோம். பிரவீன்குமார் கணக்கைச் சரிபார்த்தார். "கணக்கு சரிங்க. இப்ப இந்த மூணு படிவத்துலயும் பேரு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, பணத்தப் போட்டுவிடுறேன்."

சித்தப்பா இரண்டில் போட்டார். மூன்றாவதைத் தள்ளி வைத்தார். வெள்ளைச்சாமியைப் படகோடு இலங்கைக் கடற்படை பிடித்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

"சித்தப்பா, ஆறாயிரம்."

"அவுக வேற கரையில கெடக்காக. படகு வந்ததும் ஓடியாந்து எழுதுறேன், தம்பி."

"அண்ணே, உங்க பேருக்கும் நேவிக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்றார் பிரவீன்குமார்.

"ஒண்ணுமில்லீங்க. ஒருவேளை இருந்துச்சுன்னா?"

 பேனாவை நானே வாங்கி எழுதியிருக்கலாம். அது பொய்க் கையெழுத்து என்று நின்றேனா, அவர் சொன்னதில் பாதியை நானும் நம்பினேனா, இன்றும் தெரியவில்லை.

இரண்டு படிவத்துக்குமான கமிஷன் பிடித்தம் போக வந்தது, ஷீபாவுக்குப் போதவில்லை. குறைந்த ஆறாயிரத்தை அமராவதி அக்காவிடம் கடன் வாங்கினார். வெள்ளைச்சாமியின் மனைவி அவர். "எம்புருசன் வந்ததும் கையெழுத்தப் போட்டுட்டுக் குடுங்க, கொழுந்தனாரே" என்றாராம்.

அடுத்த மாதம் நெஞ்சுவலியில் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். பிறகு ஆட்கள் விடுதலையாகி வந்தார்கள்; படகு வரவில்லை. மூன்றாவது படிவத்தின் கமிஷனைச் சித்தப்பா கையெழுத்து இல்லாமல் தர முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அமராவதி அக்கா ஒருமுறையும் கேட்கவில்லை. அந்த ஆறாயிரம் கடன் அப்படியே இருக்கிறது.