மூன்று குடித்தனக்காரி

அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது எங்கள் மேனேஜர்தான். ஒரே கம்ப்யூட்டர், ஒரே பிரௌசர், அதில் மூன்று புரொஃபைல் வைத்திருந்தாள். நீலம் ஆபீஸ் வேலைக்கு, மஞ்சள் சொந்த விஷயத்துக்கு, சிவப்பு டெஸ்டிங்குக்கு. ஒன்றில் போட்ட லாகின் இன்னொன்றுக்குத் தெரியாது. ஒன்றில் தேடியது இன்னொன்றில் தலைகாட்டாது. சிவப்பில் ஒரு பாஸ்வேர்டுகூடச் சேமித்திருக்க மாட்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், யார் லாகின் செய்தார் என்று பிரௌசர் நினைவில் வைத்திருக்கும் குக்கீகளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

நான் அவளுக்குப் பக்கத்து சீட். வெப்சைட் பக்கங்களை வரைந்து கொடுப்பது என் வேலை, அதில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலை. அதனாலேயே சிநேகிதிகளானோம்.

ஆரம்பத்தில் அவளும் எல்லோரையும் போல எல்லாவற்றையும் ஒன்றிலேயே போட்டுக் குழப்பியவள்தான். ஒரு மீட்டிங்கில் திரையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே மேலே முகவரிக் கட்டத்தில் ஓர் எழுத்தை அடித்தாள். குழந்தை உண்டாவதற்காக அவள் பார்த்துவந்த டாக்டரின் பெயரும், அதைப் பற்றித் தேடிய கேள்விகளும் வரிசையாக வந்து விழுந்தன. இரண்டு பேர் குனிந்து சிரித்தார்கள். அடிக்கடி லீவு எதற்கென்று இப்போதுதான் புரிகிறது என்றார் மேனேஜர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அவள் அழவில்லை. மீட்டிங்கை முடித்துவிட்டு வந்து மூன்று புரொஃபைல் போட்டாள்.

வீட்டு லேப்டாப்பிலும் அப்படியே பிரித்தாள். புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானாம். நமக்குள் என்ன ஒளிவு மறைவு என்று கேட்டானாம்.

“அதுல பூட்டே கிடையாது, நீங்க எப்ப வேணும்னாலும் திறந்து பாக்கலாம். ஒளிச்சு வைக்கல, பிரிச்சு வெச்சிருக்கேன்” என்றாளாம். மாமியார் மட்டும் தனக்கும் ஒன்று போட்டுத் தரச் சொன்னாராம். மகன் பார்க்கும் கார் விளம்பரமெல்லாம் தனக்கு வந்து உயிரை எடுக்கிறதாம்.

அந்த ஆண்டு ஒரு கண் மருத்துவமனைக்கு அப்பாயின்ட்மென்ட் தளம் செய்தோம். வெளியிட வேண்டிய நாளில் அவள் ஓகே சொல்ல மறுத்தாள். புதிதாக வருகிறவர் தேதியைத் தேர்ந்தெடுத்ததும் லாகின் பக்கம் வருகிறது, லாகின் செய்தால் மறுபடி தேதி, மறுபடி லாகின். செக்குமாடு மாதிரி சுற்றுகிறது. மேனேஜரிடம் தனியாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் மெஷினில் நன்றாகவே ஓடுகிறது என்றார். அவளுடைய காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. ஓகே கொடுத்தால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று ஜாடையாகச் சொல்லி அனுப்பினார். சிகிச்சைச் செலவு தலைக்கு மேல் இருந்த நேரம் அது.

கடைசி மீட்டிங்கில் மருத்துவமனைக்காரர்களும் இருந்தார்கள். தளம் ஓடவில்லை என்று அவள் சொன்னதும் மேனேஜர் தன் லேப்டாப்பைத் திருப்பினார். சுத்தமான ஜன்னல்தானே வேண்டும் என்று, பழைய தடம் எதையும் வைத்துக்கொள்ளாத இன்காக்னிட்டோவில் புதிதாக ஒன்றைத் திறந்தார். தேதி, நேரம், பதிவு எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மூன்று குடித்தனம் நடத்தினால் குழப்பம் வரத்தானே செய்யும் என்று சிரித்தார். கூடவே சிரிக்கச் சிலர் எப்போதும் இருப்பார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

“சார், கீழ இன்னொரு இன்காக்னிட்டோ ஜன்னல சுருக்கி வெச்சிருக்கீங்க. காலைல அதுல நேரா லாகின் பக்கத்துக்குப் போய் உள்ள போனீங்க, நான் பாத்தேன். எத்தனை ஜன்னல் திறந்தாலும் இன்காக்னிட்டோ எல்லாத்துக்கும் ஒரே குக்கீதான், அந்த லாகின் இதுலயும் ஒட்டிக்கிச்சு. எல்லாத்தையும் மூடிட்டு ஒண்ணே ஒண்ணு திறங்க.”

இப்போது அதெல்லாம் வேண்டாம் என்றார் மேனேஜர்.

“நான் ஓகே குடுக்க மாட்டேன் சார். கண்ணு தெரியாம தடுமாறுறவங்க வந்து சுத்திச் சுத்தி நிப்பாங்க.”

மருத்துவமனை அம்மாள் ஒருவர், மூடிப் பாருங்களேன் என்றார். மேனேஜர் மூடினார், திறந்தார். தேதி, லாகின், தேதி, லாகின். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வெளியீடு தள்ளிப்போனது. கோளாறைச் சரிசெய்த பிறகு அவளே ஓகே கொடுத்தாள். காண்ட்ராக்ட் நீளவில்லை. எல்லார் முன்னாலும் மேனேஜரின் மானத்தை வாங்கிவிட்டாளாம். அவள் மானம் போன மீட்டிங் அவருக்கு ஞாபகமே இல்லை, அதுதான் என் ஆத்திரம்.

கடைசி நாளில் மஞ்சள் புரொஃபைலை அழித்தாள். நீலம் ஆபீஸ் கணக்கு, அதை அவர்களிடமே விட்டாள். சிவப்பின் மேல் கை வைத்தபோது மேனேஜர் வந்து நின்றார். மெல்லிய குரலில், “அதை மட்டும் அழிக்காதம்மா, நமக்கு வேணும்” என்றார்.

“அதுல ஒண்ணுமே இல்ல சார், அதனாலதான் அது உண்மையச் சொல்லுச்சு” என்றாள். பிறகு அழித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.