சல்லடைக் குழியில் என் கை

வத்தேகமத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த நான், ஐம்பது வயதுக்கு மேல் மாலைதீவுக்குப் போகும் சின்னச் சரக்குக் கப்பலில் சமையல்காரியானேன். ஒரு காலை கப்பல் எதிலோ மோதியதில் பின்பக்கச் சாமான் அறையின் அடித்தகடு கிழிந்தது. ஆட்கள் ஓட்டையில் மெத்தையை வைத்து, பலகையால் அழுத்தி, கட்டையை முட்டுக் கொடுத்தார்கள். கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. பம்பும் இழுக்கவில்லை. என் அரிசி மூட்டைகள் வெடித்து, பம்பு தண்ணீர் உறிஞ்சும் அடிக்குழியின் சல்லடையை அரிசி அடைத்திருந்தது.

"ஒங்க அரிசிதான். ஒங்க கைதான் சின்னது. எறங்குங்கக்கா," என்றார் இஞ்சினுக்குப் பொறுப்பான பெரியவர்.

"பயமா இருக்குங்க."

"தண்ணி இடுப்புக்கு வந்தா இந்த இரும்புக் கதவ மூடிருவோம். பக்கத்துல இஞ்சின் அறை. அங்க போச்சுன்னா எல்லாரும் சாவோம். நீங்க உள்ள இருந்தாலும் மூடத்தான் வேணும்."

"மூடுறதுக்கு முந்தி, பகல் சாப்பாட்டுக்கு என்ன கறின்னு கேட்டுக்கங்க," என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

தண்ணீர் தொடைக்கு ஏறியது. ஊறிய அரிசியைக் கைகையாக அள்ளி எறிந்தேன். கடைசியில் சல்லடை என் விரல்களை உறிஞ்சி இழுத்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கியது. நான் எழுந்தேன்.

"எங்க போறீங்க? திரும்ப அடைக்கும். அங்கயே இருந்து தள்ளிவிடுங்க. கசிவு இன்னும் நிக்கல, கதவ இப்பவே மூடிர்றோம். தண்ணி ஏறினா சுவத்துல தட்டுங்க," என்றார் பெரியவர்.

"தட்டினா தொறப்பீங்களா?"

அவர் ஆட்களை வெளியே கூப்பிட்டு, கதவை மூடி, பூட்டுக் கைப்பிடிகளை ஒவ்வொன்றாக இறுக்கினார்.